150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரி: 36+24 வாரண்டியா, 60 மாத வாரண்டியா?

கௌண்டன்யா_கரை (குடியாத்தம்)

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி போய்விட்டது. ஆறு வருடத்துக்கு மேல் ஓடியதால் அதன் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. இப்போது கரண்ட் போன பத்து நிமிடத்திலேயே இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிக்கிறது. இன்வெர்ட்டர் 900 விஏ, அதில் பிரச்சினை கிடையாது. பேட்டரி மட்டும் மாற்ற வேண்டும்.

பஜாரில் ஒரு கடையில் இரண்டைக் காட்டினார்கள். ஒரே கம்பெனி, இரண்டுமே 150 ஏஎச் டால் டியூபுலர். முதலாவது 14,500 ரூபாய், வாரண்டி "36+24". இரண்டாவது 18,300 ரூபாய், வாரண்டி 60 மாதம். பழைய பேட்டரிக்கு இரண்டிலும் 4,000 கழித்துக்கொள்கிறார்கள். ஆக கையிலிருந்து போவது 10,500 அல்லது 14,300.

கடைக்காரர், "ரெண்டும் அஞ்சு வருஷம்தான் சார், உங்க இஷ்டம்" என்கிறார். அப்படியென்றால் 3,800 ரூபாய் எதற்காக அதிகம் கொடுக்க வேண்டும்?

வீட்டில் மூன்று ஃபேன், ஐந்து எல்இடி லைட், ஒரு டிவி, வைஃபை மோடம். ஃபிரிட்ஜ் இன்வெர்ட்டரில் இல்லை. சாதாரண நாளில் அரை மணி, ஒரு மணி நேரம்தான் கரண்ட் போகும். மாதாந்திரப் பராமரிப்பு என்று ஈபி அறிவிக்கும் நாளில் காலை 9 மணிக்குப் போனால் சாயங்காலம்தான் வரும். பகல் முழுக்க அப்பா அம்மா வீட்டில்தான் இருக்கிறார்கள், அதனால் அந்த ஒரு நாளையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆரணி_எஞ்சினியர் (ஊர் ஆரணி, இருப்பது சென்னை)

இதில் குழப்பமே வேண்டாம். 36+24 என்றாலும் 60தான், 60 என்றாலும் 60தான். இரண்டும் 150 ஏஎச். விலை குறைந்ததை வாங்குங்கள்.

பேக்கப் கணக்கும் எளிது. 150 ஏஎச்சை 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,800. உங்கள் ஃபேன் ஒவ்வொன்றும் 70 வாட் என்று வைத்தால் 210, லைட்டுகள் 45, டிவி 60, மோடம் 10. மொத்தம் 325 வாட். 1,800ஐ 325ஆல் வகுத்தால் ஐந்தரை மணி நேரம் வரும். டிவியை நிறுத்திவிட்டு ஒரு ஃபேனைக் குறைத்தால் ஈபி பராமரிப்பு நாளைத் தாராளமாகத் தாண்டலாம்.

வாலாஜா_பெரியவர்

எங்கள் காலத்தில் கரண்ட் போனால் திண்ணைக்கு வந்து உட்கார்ந்துவிடுவோம். விசிறிக்கு வாரண்டி கேட்டதில்லை. சரி, நீங்கள் பேசுங்கள். எனக்கும் அடுத்த வருடம் பேட்டரி மாற்ற வேண்டியிருக்கிறது, படித்துக்கொண்டிருக்கிறேன்.

காட்பாடி_பேட்டரி

நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், விற்பனையை விட சர்வீஸ் அதிகம். எஞ்சினியர் தம்பி சொன்ன இரண்டு கணக்கும் கடைகளில் தினமும் சொல்லப்படுபவைதான். இரண்டிலுமே வாங்குகிறவருக்குப் பணம் போகிற இடம் இருக்கிறது. முதலில் வாரண்டியைச் சொல்கிறேன், பேக்கப் பிறகு.

36+24 என்பதில் முதல் 36 மாதம்தான் இலவசமாக மாற்றித் தருவது. அடுத்த 24 மாதம் 'ப்ரோ ரேட்டா' என்று கார்டில் இருக்கும். அந்த மாதங்களில் பேட்டரி போனால் புதுசு வாங்க ஒரு தள்ளுபடி தருவார்கள். எந்த விலையிலிருந்து தள்ளுபடி என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பெரும்பாலான கார்டுகளில் அது எம்ஆர்பியிலிருந்து. நீங்கள் 14,500க்கு வாங்கும் பேட்டரியின் மேல் என்ன எம்ஆர்பி ஒட்டியிருக்கிறது, கார்டில் எந்த மாதத்துக்கு எத்தனை சதவீதம் போட்டிருக்கிறது, இரண்டையும் பார்த்து இங்கே போடுங்கள். நானே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஆற்காடு_ஜெராக்ஸ்

என் கடையில் யூபிஎஸ் இருக்கிறது. உள்ளே சின்னச் சின்ன பேட்டரி எட்டு. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மொத்தமாகப் போய்விடுகிறது. அதற்குப் பதில் இந்த 150 ஏஎச் ஒன்றை வெளியே வைத்து இணைத்துக்கொள்ளலாமா? எனக்கும் 60 மாத வாரண்டி கிடைக்குமா?

காட்பாடி_பேட்டரி

ஜெராக்ஸ் சார், உங்களுடையது வேறு விஷயம். எட்டு பேட்டரி வரிசையாகச் சேர்ந்தால் 96 வோல்ட். அந்த யூபிஎஸ்ஸில் 12 வோல்ட் பேட்டரி ஒன்றை வைத்தால் ஓடாது. உங்களுக்கு ஒரு குறிப்பு: எட்டில் ஒன்று போனதும் அதை மட்டும் மாற்றாதீர்கள். பழைய ஏழும் புதிய ஒன்றைச் சீக்கிரம் கெடுக்கும். மற்றதைத் தனி இழையில் கேளுங்கள், வருகிறேன்.

கௌண்டன்யா_கரை

மறுபடி கடைக்குப் போய்ப் பார்த்தேன். 14,500 ரூபாய் பேட்டரியின் எம்ஆர்பி 21,000. கார்டில் 37 முதல் 48 மாதம் வரை 30 சதவீதம், 49 முதல் 60 வரை 20 சதவீதம் தள்ளுபடி. "அப்போதைய எம்ஆர்பியின் மீது" என்று சின்ன எழுத்தில் இருக்கிறது.

காட்பாடி_பேட்டரி

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். இப்போது கணக்கு.

உங்கள் பேட்டரி 40ஆவது மாதத்தில் போகிறது என்று வையுங்கள். விலை ஏறவில்லை என்றே வைப்போம். எம்ஆர்பி 21,000, அதில் 30 சதவீதம் 6,300. நீங்கள் கட்ட வேண்டியது 14,700. அதே பேட்டரியை அதே கடையில் வாரண்டியே இல்லாமல் புதிதாகக் கேட்டால் 14,500. அதாவது வாரண்டியோடு வாங்கினால் 200 ரூபாய் அதிகம்.

இன்னொன்றும் இருக்கிறது. கிளெய்ம் என்று போனால் பழைய பேட்டரியைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும், அதற்குக் காசு கிடையாது. சும்மா வாங்கினால் பழையதுக்கு 4,000 கழியும், 10,500தான் ஆகும். ஆக வாரண்டியைப் பயன்படுத்தியவர் 14,700 கட்டுகிறார், கார்டைக் கிழித்துப் போட்டவர் 10,500 கட்டுகிறார். 48ஆவது மாதம் தாண்டினால் 20 சதவீதம்தான், அப்போது 16,800.

அதனால் அந்த "+24"ஐ நான் யாருக்கும் வாரண்டியாகச் சொல்வதில்லை. உங்கள் முன்னால் இருப்பது 36 மாத பேட்டரி ஒன்று, 60 மாத பேட்டரி ஒன்று. அந்த 60 முழுவதும் இலவச மாற்றுதானா என்பதையும் அதன் கார்டைத் திருப்பிப் பார்த்து உறுதி செய்யுங்கள். பெட்டி மேல் பெரிதாக 60 போட்டு, உள்ளே 48+12 என்று பிரித்திருப்பதும் உண்டு.

ஆரணி_எஞ்சினியர்

எம்ஆர்பி விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் விலை குறைந்ததே சரி என்றுதான் இன்னும் சொல்வேன். 14,300ஐ 60ஆல் வகுத்தால் மாதம் 238 ரூபாய். 10,500 ரூபாய் பேட்டரி 44 மாதம் ஓடினாலே அந்த 238 வந்துவிடும். அவருடைய பழைய பேட்டரியே ஆறு வருடம் ஓடியிருக்கிறது. 44 மாதம் ஓடாதா? ஐந்து வருடம் ஓடினால் மாதம் 175தான்.

அதாவது அவர் 3,800 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் லாபம் வருவது, பேட்டரி 37ஆவது மாதத்துக்கும் 44ஆவது மாதத்துக்கும் இடையில் செத்தால் மட்டும். எட்டு மாத ஜன்னல். அதற்கு இவ்வளவு இன்ஷூரன்ஸா?

காட்பாடி_பேட்டரி

கணக்கு சரிதான் தம்பி. ஆனால் 60 மாத பேட்டரி 60ஆவது மாதத்திலேயே செத்துவிடும் என்று எடுத்துக்கொண்டீர்கள். அதுவும் ஆறு வருடம் ஓடினால் மாதம் 199 ஆகிவிடும். அப்போது விலை குறைந்தது அதை ஈடுகட்ட 53 மாதம் ஓட வேண்டும்.

இரண்டும் ஒரே பேட்டரிதானா என்பது அதைவிட முக்கியம். ஒரே டப்பாவில் வேறு ஸ்டிக்கர் ஒட்டி வாரண்டிக்கு மட்டும் விலை ஏற்றியிருந்தால் நீங்கள் சொல்வதுபோல அது இன்ஷூரன்ஸ்தான், வேண்டாம் என்று விட்டுவிடலாம். உள்ளே ஈயம் அதிகமாக இருந்தால் அது வேறு பேட்டரி. அதைத் திறந்து பார்க்க முடியாது, எடை போட்டுப் பார்க்கலாம். கம்பெனி நோட்டீஸில் மாடல் நம்பருக்கு நேரே எடை போட்டிருக்கும். ஆசிட் ஊற்றாத எடை தனியாகப் போட்டிருந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும். ஆசிட் ஊற்றிய எடை மட்டும் இருந்தால் கொஞ்சம் ஏமாற்றும், ஏனென்றால் பெட்டி பெரிதாகி ஆசிட் மட்டும் கூடியிருக்கலாம். ஆசிட் கூடினாலும் கெடுதல் இல்லை, தண்ணீர் ஊற்றும் இடைவெளி நீளும், அவ்வளவுதான். இரண்டு கிலோ வித்தியாசத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஐந்து, ஆறு கிலோ என்றால் அந்த 3,800க்கு ஒரு பொருள் வருகிறது. மாற்றும்போது பழைய பேட்டரிக்குக் கழிப்பதும் எடையை வைத்துத்தான், அங்கேயும் கொஞ்சம் திரும்பும்.

ஆம்பூர்_அக்கா

வாரண்டி எத்தனை மாதம் என்று எல்லோரும் பேசுகிறீர்கள். கேட்டால் கொடுப்பார்களா என்று யாரும் பேசவில்லை. என் கதையைக் கேளுங்கள்.

எங்களுடையது 48 மாத வாரண்டி. 29ஆவது மாதத்தில் பேக்கப் அரை மணி நேரமாகக் குறைந்தது. சர்வீஸ் சென்டர் ஆள் வந்து பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போனார். நான்கு நாள் ஒன்றும் தகவல் இல்லை. மே மாதம், வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஐந்தாவது நாள் ஃபோன் செய்து "தட்டு காய்ந்திருக்கிறது, தண்ணீர் சரியாக ஊற்றவில்லை, வாரண்டி கிடையாது" என்றார்கள். நான் மாதாமாதம் பார்த்து ஊற்றினேன். ஊற்றியது வீட்டு ஆர்ஓ தண்ணீர். அதுவும் சுத்தமான தண்ணீர்தானே? கடைசி வரை ஒப்புக்கொள்ளவே இல்லை. திருப்பிக் கொண்டுவந்து போடவும் வண்டிக்கு 300 ரூபாய் கேட்டார்கள்.

காட்பாடி_பேட்டரி

அக்கா, உங்களுடையதை நேரில் பார்க்காமல் அவர்கள் செய்தது சரியா தப்பா என்று சொல்ல மாட்டேன். மாதாமாதம் ஊற்றியும் தட்டு காய்ந்தது என்றால் இன்வெர்ட்டர் அதிகமாகச் சார்ஜ் ஏற்றித் தண்ணீரைக் கொதிக்கவிட்டிருக்கலாம். சார்ஜ் ஏறும்போது பேட்டரி முனையில் மீட்டர் வைத்துப் பார்த்தார்களா? ஃபுல் ஆன பிறகும் 14.5க்கு மேலேயே நின்றுகொண்டிருந்தால் புது பேட்டரியும் இதே கதிக்குத்தான் வரும்.

ஆர்ஓ தண்ணீர் மட்டும் வேண்டாம். நம் பக்கம் போர் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கே தெரியும், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் கேட்கவே வேண்டாம். ஆர்ஓ மெஷின் உப்பைக் குறைக்கும், முழுக்க எடுக்காது. வாய்க்குச் சுவை தெரிவதற்காகக் கொஞ்சம் விட்டும் வைப்பார்கள். குடிக்க அது நல்லது. பேட்டரியில் தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போகும், உப்பு உள்ளேயே தங்கும், ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் கூடிக்கொண்டே போகும். பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் கேன்தான் ஊற்ற வேண்டும். வாங்கிய பில்லை வைத்திருந்தால் கிளெய்மின்போது காட்டவும் உதவும்.

கௌண்டன்யா சார், இதிலிருந்து உங்களுக்கு ஒன்று. "பேக்கப் குறைந்துவிட்டது" என்று நீங்கள் சொல்வது அவர்களுக்குக் காரணம் ஆகாது. எடுத்துப்போய் முழுக்கச் சார்ஜ் போட்டு, ஆறு செல்லிலும் கிராவிட்டி, அதாவது ஆசிட்டின் அடர்த்தி, பார்த்து, லோடு போட்டுச் சோதிப்பார்கள். நல்ல டியூபுலர் பேட்டரியில் ஃபுல் சார்ஜில் ஹைட்ரோமீட்டர் 1240 பக்கத்தில் காட்டும். ஐந்து செல் 1230, ஒரு செல் மட்டும் 1150 என்றால் அந்தச் செல் போய்விட்டது, கிளெய்ம் அநேகமாகக் கிடைத்துவிடும். ஆறு செல்லும் ஒரே மாதிரி மெல்ல இறங்கி வந்தால்தான் வழக்கு இழுக்கும். அது தயாரிப்புக் குறையா, நீங்கள் உபயோகித்த விதமா என்று பேச்சு வளரும். அக்காவுக்கு நடந்தது அந்த வகை மாதிரித் தெரிகிறது.

ஆம்பூர்_அக்கா

மீட்டர் எல்லாம் யாரும் வைத்துப் பார்க்கவில்லை. எலெக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டு நாளைக்கே பார்க்கச் சொல்கிறேன். ஆனால் வீட்டுப் பெண்கள் ஹைட்ரோமீட்டரோடு அலைய வேண்டும் என்று கார்டில் எங்கேயும் எழுதவில்லையே!

காட்பாடி_பேட்டரி

நியாயம்தான் அக்கா. அதனால்தான் விலைக்கு முன்னால் கடைக்காரரிடம் கேட்கச் சொல்வது: கிளெய்முக்கு எடுத்துப் போனால் மாற்று பேட்டரி ஒன்று வைத்துவிட்டுப் போவீர்களா? ஊரிலேயே சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, வேலூருக்கு அனுப்ப வேண்டுமா? போக வர வண்டிச் செலவு யாருடையது? நல்ல கடைக்காரர் இதற்குத் தயங்காமல் பதில் சொல்வார். பேட்டரி சீரியல் நம்பர் பில்லில் எழுதப்பட்டிருக்க வேண்டும், கம்பெனியின் பதிவில் உங்கள் பெயரில் அன்றைக்கே ஏற வேண்டும். மாற்றிக் கொடுத்த பேட்டரிக்கு வாரண்டி புதிதாகத் தொடங்காது, முதல் பில் தேதியிலிருந்து மிச்சம் இருப்பதுதான்.

லித்தியம்_சத்துவாச்சாரி

ஆசிட், தண்ணீர், கிராவிட்டி… இன்னும் இதெல்லாம் எதற்கு? லித்தியத்துக்கு மாறுங்கள். 12.8 வோல்ட் 100 ஏஎச் லித்தியம் பேட்டரி உங்கள் 150 ஏஎச் ஈய பேட்டரிக்குக் கிட்டத்தட்ட சமம். எடை நான்கில் ஒரு பங்கு. தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. சீக்கிரம் சார்ஜ் ஏறும். நான் மாற்றி இரண்டாவது கோடை ஓடுகிறது.

காட்பாடி_பேட்டரி

பேக்கப்பில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அவருடைய இன்வெர்ட்டர் ஈய பேட்டரிக்குச் செய்தது. அதில் லித்தியம் செட்டிங் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இன்வெர்ட்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும், அப்போது இது பேட்டரி விலைக் கணக்கே இல்லை. இன்னொரு சங்கடம், ஆறு வருடம் கழித்து ஈய பேட்டரியைக் கொடுத்தால் எந்தக் கடையிலும் காசு கழிப்பார்கள். லித்தியத்துக்கு இன்றைக்கு நம் ஊர்க் கடைகளில் அந்த வழக்கம் வரவில்லை.

லித்தியம்_சத்துவாச்சாரி

இன்றைக்கு வரவில்லை, நாளைக்கு வரும். பத்து வருடம் ஓடுவதற்கு எக்ஸ்சேஞ்ச் எதற்கு?

காட்பாடி_பேட்டரி

பத்து வருடம் ஓடியதை நம் வெயிலில் நானும் பார்க்க ஆசைப்படுகிறேன். பார்த்த பிறகு சொல்கிறேன்.

கௌண்டன்யா_கரை

லித்தியம் இப்போதைக்கு வேண்டாம். காட்பாடி அண்ணே, பேக்கப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றீர்களே. எஞ்சினியர் சார் சொன்ன ஐந்தரை மணி நேரம் வருமா?

காட்பாடி_பேட்டரி

வராது சார். மூன்றேகால், மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி மேல் 150 ஏஎச் என்பதற்குப் பக்கத்தில் சி20 என்று போட்டிருக்கும். 20 மணி நேரத்தில் மெதுவாக, அதாவது ஏழரை ஆம்பியராக, எடுத்தால்தான் 150 கிடைக்கும் என்று அதற்கு அர்த்தம். உங்கள் வீட்டில் 325 வாட் ஓடும்போது இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 400 வாட் போகிறது. 12 வோல்ட்டில் அது 33 ஆம்பியர். அவசரமாக இழுத்தால் பேட்டரி முழுசாகக் கொடுக்காது. 33 ஆம்பியரில் 150 ஏஎச் பேட்டரி சுமார் 110தான் தரும். 110ஐ 33ஆல் வகுத்தால் மூன்று மணி இருபது நிமிடம். அதுவும் புது பேட்டரியில்.

தேடும்போது இன்னொன்று கண்ணில் படும். சோலார் பேட்டரி என்று சி10 போட்டு 150 ஏஎச் இருக்கும். பத்து மணி நேரத்திலேயே 150 தருவதாகச் சொல்வதால் அது உங்கள் சி20 பேட்டரியை விடப் பெரியது, விலையும் கூட. சி20ஐயும் சி10ஐயும் பக்கத்தில் வைத்து "ஒரே ஏஎச்" என்று விலை ஒப்பிட வேண்டாம்.

ஆரணி_எஞ்சினியர்

வேகமாக எடுத்தால் குறையும் என்பது படித்ததுதான், கால் பங்குக்கு மேல் போகும் என்று நினைக்கவில்லை. அப்படியானால் 220 ஏஎச் பேட்டரி வாங்கிவிடலாமே? அது ஐந்து மணி நேரத்துக்கு மேல் வருமே.

காட்பாடி_பேட்டரி

வரும் தம்பி. ஆனால் திரும்ப ஏற வேண்டுமே. அவருடைய 900 விஏ இன்வெர்ட்டர் அநேகமாக 10, 12 ஆம்பியர்தான் சார்ஜ் தரும். 150 ஏஎச் காலியானால் திரும்ப நிறைய ராத்திரி முழுக்க ஆகும், காலையில் ரெடி. 220ஐக் காலி செய்தால் 17, 18 மணி நேரம் பிடிக்கும். பராமரிப்பு நாளுக்கு மறுநாள் இடி மழையில் கரண்ட் போனால் பாதி ஏறிய பேட்டரியைத் திரும்ப இறக்குகிறோம். அரைகுறையாக ஏறியே நிற்கிற பேட்டரியில் தட்டு வெள்ளை படிந்து கெட்டிப்பட்டுப் போகும். பெரிய பேட்டரி சின்னதை விடச் சீக்கிரம் செத்ததை நான் பார்த்திருக்கிறேன். பிறகு ஒவ்வொரு முறை மாற்றும்போதும் 220 விலைதான் கொடுக்க வேண்டும்.

பேக்கப் வேண்டுமானால் மூன்று ஃபேனையும் பிஎல்டிசி ஃபேனாக மாற்றுங்கள். 70 வாட் 30 வாட்டாக இறங்கும். மொத்த லோடு 325லிருந்து 205 ஆகும், பேட்டரியில் 33க்குப் பதில் 21 ஆம்பியர். மெதுவாக எடுப்பதால் பேட்டரியும் 110க்குப் பதில் 120 வரை தரும். ஐந்தே முக்கால் மணி நேரம் வருகிறது. அதாவது 150 ஏஎச் பேட்டரியிலேயே 220இன் பேக்கப். அடுத்த பேட்டரி மாற்றும்போதும் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். டிவியையும் நிறுத்தினால் பராமரிப்பு நாளைக் கிட்டத்தட்ட ஓட்டிவிடலாம்.

வாலாஜா_பெரியவர்

பேட்டரி வாங்க வந்தவரை ஃபேன் கடைக்கு அனுப்புகிறார் பேட்டரிக்காரர். இந்தத் தொழிலில் இவர் எப்படி இத்தனை நாள் தாக்குப்பிடித்தார் என்று தெரியவில்லை.

காட்பாடி_பேட்டரி

பெரியவரே, அதே கேள்வியை என் வீட்டிலும் கேட்கிறார்கள்.

ஆற்காடு_ஜெராக்ஸ்

பில் விலை பற்றி ஒரு தகவல். 2025 செப்டம்பர் 22லிருந்து இந்த பேட்டரிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18ஆகக் குறைந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் பழைய பில்லை வைத்து விலை ஒப்பிட்டால் குழம்பும். பழைய பேட்டரியைக் காயலான் கடையில் போட்டால் கூட வருமா?

காட்பாடி_பேட்டரி

சில நேரம் 200, 300 கூட வரும். ஆசிட் எடையைக் கழித்துவிட்டுத்தான் போடுவார்கள், கழிக்க ஆசிட்டைப் பக்கத்துக் கால்வாயில் கவிழ்ப்பார்கள். புது பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுங்கள். எக்ஸ்சேஞ்ச் விலையை மட்டும் தனியாகக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். 4,000 கழிக்கிறேன் என்று சொல்லி முதல் விலையை 1,000 ஏற்றி வைக்கிற கடைகளும் உண்டு. "பழையது இல்லாமல் என்ன விலை?" என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

கௌண்டன்யா_கரை

கேட்ட எல்லாவற்றையும் இன்று பார்த்துவிட்டு வந்தேன்.

60 மாத பேட்டரியின் கார்டில் 60ம் இலவச மாற்றுதான், பிரிக்கவில்லை. நோட்டீஸில் எடை ஆசிட்டோடு மட்டும் இருக்கிறது. விலை குறைந்தது 51 கிலோ, மற்றது 57 கிலோ. பெட்டி அளவு இரண்டுக்கும் ஒன்றே. சர்வீஸ் சென்டர் வேலூரில். மாற்று பேட்டரி தருவதாகக் கடைக்காரர் சொன்னார், எழுதித் தரச் சொன்னதும் சிரித்தார்.

ஆனால் கடையில் இருக்கும் 60 மாத பேட்டரியின் தயாரிப்புத் தேதி ஒன்பது மாதத்துக்கு முன்னால். வாரண்டி பில் தேதியிலிருந்துதானே, தேதியால் என்ன என்கிறார். செவ்வாய்க்கிழமை புது லோடு வரும், வேண்டுமானால் காத்திருங்கள் என்றும் சொன்னார். வீட்டில் இப்போதே பேட்டரி இல்லாமல் ஓடுகிறது. எடுக்கலாமா?

காட்பாடி_பேட்டரி

பெட்டி அளவு ஒன்று, எடை ஆறு கிலோ கூட என்றால் அது ஆசிட்டாக மட்டும் இருக்க முடியாது. நானாக இருந்தால் 57 கிலோவை எடுப்பேன்.

ஒன்பது மாதம் என்பது வாரண்டிக்குப் பிரச்சினை இல்லை, பேட்டரிக்குத்தான் பிரச்சினை. சும்மா நின்றாலும் தானாக இறங்கும், கோடையில் இன்னும் வேகமாக. இடையில் கடைக்காரர் சார்ஜ் போட்டு வைத்திருந்தால் பரவாயில்லை. அதை அவர் சொல்லி நம்ப வேண்டாம், மீட்டரை வைக்கச் சொல்லுங்கள். சார்ஜரில் மாட்டாமல் சும்மா இருக்கும்போது 12.4 வோல்ட்டுக்கு மேல் இருந்து, ஆறு செல்லும் 1220க்குக் குறையாமல், ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லாமல் இருந்தால் எடுக்கலாம். 12.2, 12.1 என்று காட்டினால் தொடாதீர்கள். "ஒரு ராத்திரி சார்ஜ் போட்டுத் தருகிறேன்" என்றாலும் வேண்டாம், செவ்வாய் வரை பொறுங்கள்.

எதை எடுத்தாலும் நான்கைந்து முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகு ஒரு நாள் ஃபுல் சார்ஜில் மெயினை அணைத்துவிட்டு, எல்லா ஃபேனையும் லைட்டையும் போட்டு, இன்வெர்ட்டர் தானாக நிற்கும் வரை எத்தனை மணி நேரம் என்று எழுதி வையுங்கள். அந்த நேரத்தைத் தேதியோடு வாரண்டி கார்டின் பின்னாலேயே எழுதுங்கள். மூன்று வருடம் கழித்து அதே லோடில் அதில் பாதி வந்தால் வாரண்டிக்குள் கேட்க உங்களிடம் ஒரு அளவு இருக்கும். அடிக்கடி செய்ய வேண்டாம், வருடத்துக்கு ஒரு முறை போதும்.

ஆரணி_எஞ்சினியர்

51 கிலோவை எடுத்து, மிச்ச 3,800ஐ ஃபேனில் போடலாம் என்பதையும் யோசியுங்கள். ஒரு ஃபேன் அதிலேயே முடிந்துவிடும், பேட்டரி மேல் சுமையும் குறையும். சுமை குறைந்தால் 36 மாத பேட்டரியும் நீண்ட நாள் ஓடும் இல்லையா?

காட்பாடி_பேட்டரி

அது நல்ல கேள்வி தம்பி. ஓடும். ஆறு கிலோ ஈயத்தின் அளவுக்கு ஓடுமா என்று எனக்கு அடித்துச் சொல்ல முடியாது. பேட்டரி எங்கே வைக்கிறார் என்பதையும் பொறுத்தது. மாடியில் தகர ஷெட்டுக்குள் வைத்தால் இரண்டுமே வெயிலில் சீக்கிரம் போகும்.

கௌண்டன்யா_கரை

படிக்கட்டுக்குக் கீழே, வெயில் வராது. மீட்டர் வைத்ததில் 12.25 காட்டியது. செவ்வாய் வரை காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குள் ஹாலுக்கு ஒரு பிஎல்டிசி ஃபேன் வாங்கலாம் என்று அம்மாவிடம் சொன்னால், பழைய ஃபேன் நன்றாகத்தானே சுற்றுகிறது என்கிறார். அதற்கு யாராவது பதில் எழுதுங்கள்.

ஆம்பூர்_அக்கா

அம்மாவிடம் ஈபி பில்லைக் காட்டுங்கள். அப்புறம், காட்பாடி அண்ணே, எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். பேட்டரி ஃபுல் ஆன பிறகும் 14.9லேயே நிற்கிறது. இப்போது போட்டிருக்கும் புது பேட்டரியைக் கழற்றி வைக்கவா?

காட்பாடி_பேட்டரி

உடனே இன்வெர்ட்டரின் மெயின் பிளக்கைப் பிடுங்குங்கள் அக்கா. மூடியைத் திறந்து தண்ணீர் மட்டம் பார்த்துவிட்டு எழுதுங்கள். இன்வெர்ட்டர் போர்டு சரி செய்யும் வரை அதில் சார்ஜ் போட வேண்டாம்.